சென்னையைவிடத் தருமபுரியின் ஆண்டு வெப்ப வீச்சு குறைவாக வருகிறதே, பாடம் தலைகீழா?

பாலக்கோடு வாத்தியார்

பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். கடலிலிருந்து விலகிப் போகப் போக வெயில் காலத்தில் சூடும் குளிர் காலத்தில் குளிரும் கூடும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அகலும் என்பது பாடம். ஒரு மாணவி எழுந்து, "நம் ஊரையும் சென்னையையும் வைத்துக் காட்டுங்கள் சார்" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நீண்டகாலச் சராசரிகளை எடுத்துப் பார்த்தேன்.

தருமபுரியில் மிகக் குளிர்ந்த மாதம் சனவரி, சராசரி சுமார் 23.5 டிகிரி. மிகச் சூடான மாதம் ஏப்ரல், சுமார் 30.5. வித்தியாசம் ஏறத்தாழ 7. சென்னையில் சனவரி சுமார் 25, மே மாதம் சுமார் 33. வித்தியாசம் ஏறத்தாழ 8.

கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஊருக்கு 7, கடலில் கால் நனைக்கும் ஊருக்கு 8. இரண்டும் 12, 13 பாகை வட அட்சத்தில்தான் இருக்கின்றன. இந்தக் கணக்கை வகுப்பில் எப்படி விளக்குவது?

ஓசூர் ரோஜாத் தோட்டம்

இதில் குழம்ப என்ன இருக்கிறது சார்? உயரம்தான் காரணம். எங்கள் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர், தருமபுரி அதில் பாதி. மேட்டுநிலம் குளிர்ச்சி, பள்ளம் சூடு. கடல் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் பாடப்புத்தகத்துக்குச் சரி. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தொப்பூர்க் கணவாய் ஏறும் ஏற்றம்தான்.

பழைய பார்வையாளர்

ரோஜாத் தோட்டத்தார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். உயரம் வெப்பத்தைக் குறைக்கும். நூறு மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி என்று வைத்தால், 460 மீட்டர் உயரத்துத் தருமபுரி மூன்று டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று டிகிரி ஏப்ரலிலும் குறையும், சனவரியிலும் குறையும். இரண்டு பக்கமும் ஒரே அளவு கழித்தால் வித்தியாசம் மாறாது. வாத்தியார் கேட்டது வித்தியாசத்தைப் பற்றி.

வானிலை நிலையத்தில் பல வருடம் வெப்பமானி படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாத்தியார் கையில் எடுத்த அளவுகோல்தான் நம் அட்சரேகைக்குப் பொருந்தாதது. ஆண்டு வீச்சு என்பது சூரியன் கோடையில் எவ்வளவு கொடுக்கிறான், குளிர்காலத்தில் எவ்வளவு குறைத்துக்கொள்கிறான் என்பதில் தொடங்குகிறது. சைபீரியாவில் இர்குட்ஸ்க் 52 பாகையில் இருக்கிறது. அங்கே சனவரி சராசரி மைனஸ் 18 அளவில் இருக்கும், சூலை பிளஸ் 18 அளவில். அதே அட்சத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள வாலென்ஷியாவில் சனவரி 7, சூலை 15. கடல் என்ன செய்யும் என்பதை அங்கே கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம், ஏனென்றால் சூரியன் தரும் ஏற்ற இறக்கமே பெரிது. நம் 12 பாகையில் சூரியன் வருடம் முழுவதும் ஏறக்குறைய தலைக்கு மேல்தான். ஆண்டு வீச்சு எந்த ஊரிலும் சிறிதாகவே இருக்கும். அந்தச் சிறிய தொகையைக் காற்றின் திசையோ நாலு நாள் கோடை மழையோ புரட்டிப் போட்டுவிடும்.

நம் ஊரில் ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு ஒரே நாளின் பகலையும் இரவையும் பாருங்கள். மார்ச் மாதம் தருமபுரியில் பிற்பகல் 34, 35; விடியலில் 20, 21. வீச்சு 14 டிகிரி. நேர் கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில், ஏறத்தாழ இதே அட்சத்தில் இருக்கும் புதுச்சேரியில் அதே மார்ச்சில் பகல் 32, இரவு 23 என்ற அளவில்தான் நிற்கும். வீச்சு 9. பாடம் சொல்வது இங்கே அப்படியே தெரிகிறது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

ஐயா, மார்ச் மாதத்தைவிட எனக்குத் தை மாதம்தான் முக்கியம். சென்ற பருவத்தில் பூ சரியாக எடுக்கவில்லை. இந்த வித்தியாசம் எத்தனை டிகிரி இருந்தால் மாமரம் பூக்கும்? பெங்களூராவுக்கு ஒரு கணக்கும் அல்போன்சாவுக்கு ஒரு கணக்கும் உண்டா?

பழைய பார்வையாளர்

தம்பி, மாமரம் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, இரவுக் குளிரைத்தான் பார்க்கிறது. முற்றிய கொழுந்து இருக்கும்போது சில வாரம் தொடர்ந்து இரவு 20 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், 15ஐ ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. ரகத்துக்கு ரகம் என்ன கணக்கு என்பதைத் தோட்டக்கலைக்காரர்களிடம் கேட்பதே சரி. ஆனால் உங்கள் கேள்வி இழைக்கு வெளியே போகவில்லை. கிருஷ்ணகிரி இரவுகள் தையில் அந்த அளவுக்கு இறங்குவது கடல் தூரத்தில் இருப்பதால்தான். கடற்கரையில் இரவு 21க்குக் கீழே இறங்கவே யோசிக்கும். வங்கக் கடலின் மேல்நீர் சனவரியில்கூட 26 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று எப்படிக் குளிரும்?

முத்தியால்பேட்டை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எண்களில் நாங்கள் சுகவாசிகள் போலத் தெரிகிறோம். 32 டிகிரியில் எங்களுக்கு வழியும் வியர்வையைத் தருமபுரிக்காரர்கள் 36லும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டை காயவே காயாது. என் மாமனார் வீடு பென்னாகரம். அங்கே மாசி மாதம் இரவில் மாடியில் படுத்தால் நள்ளிரவுக்கு மேல் போர்வை தேடுவேன். பகலிலோ அதே மாடியில் கால் வைக்க முடியாது.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார் மாமனார். எங்கள் ஊரில் அந்தப் பழமொழிக்கு வேலையே இல்லை.

பழைய பார்வையாளர்

அந்தப் பழமொழியில் வானிலை ஒளிந்திருக்கிறது. மாசியில் சூரியன் ஏற்கெனவே வலுத்துவிட்டது. ஆனால் வானத்தில் மேகம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை, மண்ணில் ஈரம் இல்லை. பகலில் வெயில் தடையின்றி இறங்குகிறது, இரவில் நிலத்தின் சூடு தடையின்றி மேலே போகிறது. நீராவிதான் அந்தச் சூட்டைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். புதுச்சேரி மாப்பிள்ளையின் சட்டையைக் காயவிடாத அதே நீராவிதான் அவர் ஊரின் இரவைக் குளிரவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை நாட்களில் பாருங்கள், தருமபுரியிலேயே பகல் இரவு வித்தியாசம் ஏழெட்டு டிகிரிக்குச் சுருங்கிவிடும். ஊர் கடலுக்குப் பக்கத்தில் நகர்ந்துவிடவில்லை, கடலின் ஈரம் ஊருக்கு வந்திருக்கிறது.

கணக்குப் பிள்ளை

எல்லோரும் கடல் சூடாகாது என்கிறீர்கள், எவ்வளவு சூடாகாது என்று யாரும் சொல்லவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். தவறு இருந்தால் பெரியவர் திருத்தட்டும்.

தெளிவான மார்ச் நாளில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 மெகாஜூல் வெயில் விழுகிறது என்று வைப்போம். நிலத்தில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலும் திரும்பக் கதிர்வீசுவதிலும் போய்விடும்; பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 மெகாஜூல், மண்ணுக்குள் இறங்கட்டும். மண் மோசமான கடத்தி என்பதால் ஒரே பகலில் அந்தச் சூடு சுமார் 10 சென்டிமீட்டருக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. காய்ந்த மண்ணின் ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி உயர்த்த 1.3 மெகாஜூல் போதும். 10 சென்டிமீட்டர் அடுக்குக்கு 0.13. இரண்டை 0.13ஆல் வகுத்தால் 15 டிகிரி.

இப்போது கடல். கடலுக்குச் சலுகை எதுவும் தராமல், 20 மெகாஜூலும் நீருக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று வைக்கிறேன். ஒளி உள்ளே புகுகிறது, அலையும் காற்றும் கலக்கிவிடுகின்றன, ஆகவே 20 மீட்டர் ஆழம் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒரு கன மீட்டர் நீருக்கு 4.18 மெகாஜூல் வேண்டும், 20 மீட்டருக்கு 84. இருபதை 84ஆல் வகுத்தால் 0.24 டிகிரி.

பத்து மடங்கு வெயிலை வாங்கியும் கால் டிகிரிதான். இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. நீரின் வெப்ப ஏற்புத்திறன் அதிகம் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது கொடுப்பது மூன்று மடங்கு வித்தியாசம் மட்டுமே. 10 சென்டிமீட்டருக்கும் 20 மீட்டருக்கும் உள்ள 200 மடங்குதான் உண்மையான வேலையைச் செய்கிறது.

பழைய பார்வையாளர்

கணக்கு சரி. காற்றே இல்லாத நாளில் கலக்கல் குறைந்து மேல்நீர் ஒரு டிகிரிக்கு மேல்கூட ஏறும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது பாடநூலில் வர வேண்டிய வரி. ஏற்புத்திறனை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், கலக்கலைச் சொல்வதில்லை.

பாலக்கோடு வாத்தியார்

கணக்குப் பிள்ளைக்கு நன்றி, இதை அப்படியே கரும்பலகையில் போடலாம். ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. அளவுகோல் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். அப்படியிருந்தும் சென்னைக்கு ஏன் 8? கடல் பக்கத்திலேயே இருந்து, கால் டிகிரிதான் மாறுகிறது என்றால் மே மாதம் அங்கே 33 சராசரி எங்கிருந்து வருகிறது?

முத்தியால்பேட்டை

அதை நாங்கள் சொல்கிறோம். கோடையில் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காத்திருப்பு உண்டு. பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று எழுந்துவிட்டால் வெப்பம் அங்கேயே நின்றுவிடும். சில நாட்கள் மேற்கிலிருந்து அனல் வீசிக்கொண்டே இருக்கும், கடற்காற்று கரை ஏற முடியாமல் மூன்று மணி வரை தவிக்கும். அந்த நாட்களில் வேலூரும் புதுச்சேரியும் ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் பாதி நாள் அப்படித்தான் போகும்.

பழைய பார்வையாளர்

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. கடல் பக்கத்தில் இருப்பதால் மட்டும் பயன் இல்லை, காற்று கடலிலிருந்து வர வேண்டும்.

மே கடைசியிலும் சூனிலும் தீபகற்பம் முழுவதும் மேலைக்காற்று. அரபிக்கடலில் ஏறிய ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கி வைத்துவிட்டு, மைசூர் மேட்டுநிலத்தையும் நம் மாவட்டங்களையும் கடந்து, பிறகு கீழே இறங்கிச் சென்னைக்குப் போகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். நூறு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு டிகிரி. தருமபுரியில் பிற்பகல் 36 டிகிரியில் இருக்கும் காற்றை 460 மீட்டர் இறக்கிக் கடல் மட்டத்தில் வையுங்கள், வழியில் வேறெதுவும் நடக்காவிட்டாலும் 40ஐத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்.

நமக்கு அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? ஏப்ரல் கடைசியிலிருந்தே இடியோடு கோடை மழை, மேகம், பிறகு பருவக்காற்றின் விளிம்பு. ஏப்ரலில் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். சென்னை சூன் வரை வேகிறது. ஆக, சென்னையின் 8 டிகிரியில் கோடைப் பங்கு நிலத்தின் கைங்கரியம். சனவரியில் வாடைக்காற்று வங்கக் கடலைக் கடந்து வருவதால் பகல் 29, இரவு 21 என்று அடக்கமாக இருக்கிறது. ஆறு மாதம் கடற்கரை ஊர், மூன்று மாதம் உள்நாட்டு ஊர் என்று வாழ்கிறது சென்னை.

இதற்கு நேர் எதிர் மங்களூர். அதுவும் ஏறத்தாழ 13 பாகை. பருவக்காற்று நேராகக் கடலிலிருந்து அடிக்கும் கரை. ஆண்டு வீச்சு மூன்றரை டிகிரி அளவுதான். ஆனால் சனவரியில் அங்கே காற்று உள்நாட்டிலிருந்து மலை இறங்கி வருகிறது. பகல் 32, 33, இரவு 21. ஒரு நாளுக்குள் 11 டிகிரி. கடற்கரையில் நின்றுகொண்டே கிட்டத்தட்ட நம் ஊர்க் கணக்கைக் காட்டுகிறது.

கணக்குப் பிள்ளை

இதற்கென்று ஒரு சூத்திரம் இருப்பதைப் பார்த்தேன். போலந்து நாட்டுக் கோர்சின்ஸ்கி 1920இல் கொடுத்தது. A ஆண்டு வீச்சு, φ அட்சம்.

```
K = 1.7 * A / sin(φ) - 20.4
```

பூச்சியத்தை ஒட்டி வந்தால் கடல், 100ஐ ஒட்டி வந்தால் சைபீரியா. மங்களூருக்கு A = 3.5, sin 12.9° = 0.223, K ஏறத்தாழ 6. தருமபுரிக்கு A = 7, sin 12.1° = 0.21, K ஏறத்தாழ 36. சென்னைக்கு A = 8, sin 13.1° = 0.227, K ஏறத்தாழ 40. மங்களூரைச் சரியாகப் பிடித்துவிட்டது. சென்னையைத் தருமபுரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறது.

பழைய பார்வையாளர்

அந்தச் சூத்திரத்தைப் பூமத்திய ரேகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். sin(φ) பூச்சியத்தை நெருங்கும், K விண்ணைத் தொடும். அதனால்தான் 1946இல் கொன்ராட் என்பவர் அட்சத்தோடு பத்துப் பாகையைச் சேர்த்து மாற்றினார்.

```
K = 1.7 * A / sin(φ + 10) - 14
```

இதில் தருமபுரிக்குச் சுமார் 18, சென்னைக்குச் சுமார் 21 வரும். எண்கள் அடங்கிவிட்டன, வரிசை மாறவில்லை. A ஒரு டிகிரி பிசகினாலே நம் அட்சத்தில் K நாலைந்து எண் நகர்ந்துவிடும். ஐரோப்பாவுக்கும் வட ஆசியாவுக்கும் தைத்த சட்டை. நமக்கு அளந்து தைத்ததில்லை.

ஓசூர் ரோஜாத் தோட்டம்

உயரம் வித்தியாசத்தை மாற்றாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள் ஐயா. என் பசுமைக்குடில் மேட்டில் ஒன்று, ஏரிக்குக் கீழ்ப் பள்ளத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 30 மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். விடியற்காலையில் பள்ளத்துக் குடிலுக்கு வெளியேதான் குளிர் அதிகம், சாம்பல் நோயும் முதலில் அங்கேதான் வருகிறது. மேட்டில்தானே குளிர வேண்டும்?

பழைய பார்வையாளர்

இது நல்ல பிடி. நான் சொன்னது ஊரின் மொத்த உயரத்தைப் பற்றி. நிலத்தின் வடிவம் வேறு சங்கதி. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தில் வீச்சு அகலும், மேட்டில் சுருங்கும். கடல்தூரம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தோட்டங்களுக்குள்ளேயே மூன்று நான்கு டிகிரி வந்துவிடலாம். இரண்டு ஊரை ஒப்பிடும்போது வெப்பமானி எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

அப்படியானால் கே.ஆர்.பி. அணை? என் தோட்டம் அணைக்குப் பக்கம்தான். அவ்வளவு தண்ணீர் எங்களுக்கு ஒரு சின்னக் கடல் ஆகாதா? இரவு குளிராமல் போவதற்கும் பூ எடுக்காததற்கும் அணைதான் காரணமோ என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு.

பழைய பார்வையாளர்

கரையை ஒட்டிச் சில நூறு மீட்டருக்கு, தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வரும் இரவுகளில், ஒரு டிகிரி கூடலாம். காற்று அந்த நீர்ப்பரப்பைக் கடக்கச் சில நிமிடங்கள்தான் எடுக்கும். அதன் குணத்தை வாங்கிக்கொள்ள அது போதாது. வங்கக் கடலின் மேல் நாள் கணக்கில் பயணம் செய்துவிட்டு வரும் காற்றோடு அதை ஒப்பிட முடியாது. பூ எடுக்காததற்கு அணையைக் குற்றம் சாட்டும் முன் அந்த வாரங்களில் இரவு மேகம் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

இருந்தது. பொங்கலுக்கு முன்னும் பின்னும் மூடாப்பாகவே இருந்தது.

கிருஷ்ணகிரி பழையபேட்டை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் உள்நாட்டு இரவு குளிரும் என்கிறீர்கள். எங்கள் வீடு கோட்டை மலை அடிவாரம். கோடையில் இரவு பதினொரு மணிக்கும் பாறை கொதிக்கிறது, ஜன்னல் திறந்தால் அனல். வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி விடியலிலும் 28 காட்டுகிறது. புதுச்சேரியே தேவலை.

கணக்குப் பிள்ளை

பாறை என்றால் என் கணக்கே மாறுகிறது. கருங்கல் மண்ணைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். சூடு 10 சென்டிமீட்டரில் நிற்காமல் ஆழமாக இறங்கும், இரவில் மெதுவாகத் திரும்பி வரும். கொஞ்சம் கடல் மாதிரி நடந்துகொள்கிறது என்று சொல்லலாமா?

பழைய பார்வையாளர்

சொல்லலாம், ஆனால் பழையபேட்டையார் சுவரில் மாட்டிய வெப்பமானியை வைத்து அல்ல. அது காற்றை அளக்கவில்லை, சுவரை அளக்கிறது. வெள்ளையடித்த, பக்கமெல்லாம் சாய்பலகை வைத்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் அளவு உயரத்தில், திறந்த வெளியில் வைத்துப் படித்தால்தான் இரண்டு ஊரை ஒப்பிட முடியும். கைப்பேசியில் வரும் எண்ணும் உதவாது. அது பல கிலோமீட்டர் சதுரத்துக்குக் கணித்த எண், உங்கள் மலையைக் கண்டதில்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டை

வெப்பமானியைக் குறை சொல்லுங்கள் ஐயா, ஏற்கிறேன். ஆனால் தூக்கம் வராததை எந்தப் பெட்டிக்குள் வைத்து அளப்பது? அடிவாரத்தில் பாறைச் சூடு ஒரு பக்கம். நீங்களே சொன்ன மாதிரி மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கவும் வேண்டும். எது வெல்கிறது?

பழைய பார்வையாளர்

முன்னிரவில் பாறை, பின்னிரவில் இறங்கும் காற்று என்பது என் ஊகம். அளந்து பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மலை வெறும் பாறையாக இருந்தால் இறங்கும் காற்றும் பாறையைத் தடவிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது உங்கள் பக்கத்துக்குச் சாதகமான வாதம்.

பாலக்கோடு வாத்தியார்

பள்ளியில் உச்ச நீச வெப்பமானி ஒன்று அலமாரியில் இருக்கிறது. பெட்டி செய்யத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பழையபேட்டையார் இசைந்தால் மாசி மாதம் ஒன்றை அவர் மொட்டை மாடியில் அல்லாமல் வீட்டு முன் திடலிலும், இன்னொன்றைப் பாலக்கோட்டிலும் வைக்கலாம். மாணவி சென்னைக் கணக்கை விட்டபாடில்லை. "அப்படியானால் மங்களூரில் சனவரியில் கடற்காற்று வீசுவதே இல்லையா சார்?" என்று இப்போது கேட்கிறாள்.

பழைய பார்வையாளர்

வீசும். பிற்பகலில் வீசும். காலை முழுவதும் நிலத்துக் காற்று அடித்து ஏற்றிவிட்ட பிறகுதான் அது வந்து சேர்கிறது, அதற்குள் 32 ஆகிவிடுகிறது. எத்தனை மணிக்குத் திசை மாறுகிறது என்ற குறிப்பு கிடைத்தால் நாளொன்றின் உச்ச வெப்பத்தையும் அந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முத்தியால்பேட்டையார் தன் ஊருக்கு அதே பட்டியலைத் தர முடியுமா?

முத்தியால்பேட்டை

தருகிறேன். ஆனால் சித்திரைதான் எனக்கு வசதி. மாசியில் எங்களுக்குக் காற்று திசை மாறுவதே தெரியாது, நாள் முழுக்கக் கிழக்குதான்.